95 சதவீத பிளேஸ்மென்ட்: எத்தனை பேரில் 95?

பொறியியல் கவுன்சலிங்கில் சாய்ஸ் ஃபில்லிங் நெருங்கும்போது எல்லாக் கல்லூரி விளம்பரத்திலும் தொண்ணூறுக்கு மேல்தான் பிளேஸ்மென்ட் இருக்கும். இறுதியாண்டில் எங்கள் துறையின் பிளேஸ்மென்ட் மாணவர் பிரதிநிதியாக இருந்ததால், அந்த எண் எப்படி உருவாகிறது என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். பெரும்பாலும் அது பொய்க்கணக்கு இல்லை. எத்தனை பேரால் வகுக்கிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

அரியர் இருப்பவர்கள், நிறுவனம் கேட்கும் மதிப்பெண் இல்லாதவர்கள், வேலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவர்கள் எல்லாரையும் கழித்துவிட்டு, மிச்சம் இருக்கும் ‘தகுதியானவர்கள்’ எண்ணிக்கையால்தான் வகுப்பார்கள். சில இடங்களில் ஒரே மாணவர் வாங்கிய மூன்று ஆஃபரும் மூன்றாகவே எண்ணப்படும்.

இதைச் சரிபார்க்க, மத்திய கல்வி அமைச்சகத்தின் கல்லூரித் தரவரிசையான என்ஐஆர்எஃப்-இன் தரவு உதவும். தரவரிசையில் கல்லூரி எந்த இடம் என்பதை விடுங்கள். அதற்காகக் கல்லூரி சமர்ப்பித்த பிடிஎஃப்-தான் வேண்டும். தரவரிசையில் வந்த கல்லூரிகளுக்கு nirfindia.org தளத்திலும், மற்றவற்றுக்குப் பெரும்பாலும் கல்லூரியின் சொந்தத் தளத்திலும் கிடைக்கும். அதில் Placement & Higher Studies என்ற பகுதியில், நான்காண்டுப் படிப்புக்கான அட்டவணையைப் பாருங்கள். முதலாண்டில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், நேரடியாக இரண்டாமாண்டில் சேரும் லேட்டரல் என்ட்ரியில் எத்தனை பேர், உரிய காலத்தில் பட்டம் பெற்றவர்கள், வேலை பெற்றவர்கள், மேற்படிப்புக்குப் போனவர்கள், இடைநிலைச் சம்பளம் என்று மூன்று பேட்சுகளுக்கு இருக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 480 பேர் சேர்ந்து, லேட்டரலில் 20 பேர் வந்தால் மொத்தம் 500. உரிய காலத்தில் முடித்தவர்கள் 350, வேலை பெற்றவர்கள் 209, மேற்படிப்புக்குப் போனவர்கள் 30 என்று வைத்துக்கொள்ளுங்கள். தகுதியானவர்கள் 220 பேர் என்று கல்லூரி சொன்னால் 95 சதவீதம் வந்துவிடும். மேற்படிப்புக்குப் போனவர்களைக் கழித்து 470-ஆல் வகுத்தால் 44 சதவீதம்தான். இன்னொன்றும் தெரிகிறது: 150 பேர் உரிய காலத்தில் முடிக்கவே இல்லை. எனக்கு இதுதான் பெரிய எச்சரிக்கை.

சம்பளத்தில் ‘அதிகபட்ச பேக்கேஜ்’ ஒருவருடைய கதை. இடைநிலைச் சம்பளம் என்பது வேலை பெற்றவர்களில் பாதிப் பேர் அதற்குக் கீழே, பாதிப் பேர் மேலே. வேலை கிடைக்காதவர்கள் அந்தக் கணக்கிலேயே இல்லை என்பதையும் மறக்க வேண்டாம்.

இந்தத் தரவும் கல்லூரியே கொடுப்பதுதான். தவிர, இது துறைவாரியாக இருக்காது. கம்ப்யூட்டர் சயின்ஸின் எண்ணுக்குள் சிவில் ஒளிந்துகொள்ளும். அதனால் லிங்க்ட்இன்னில் கல்லூரிப் பக்கத்தின் முன்னாள் மாணவர் பகுதிக்குப் போய், பாடப்பிரிவையும் முடித்த ஆண்டையும் வைத்துத் தேடுங்கள். வேலை இல்லாதவர்கள் அங்கே கணக்கு வைத்திருப்பது குறைவு என்பதால் சதவீதம் போட அது ஆகாது. என்ன மாதிரி வேலை என்று பார்க்கலாம். மெக்கானிக்கல் முடித்தவர்களில் பலர் பிபிஓவில் இருந்தால் தெரிந்துவிடும். அப்புறம் அதே துறையில் போன வருடம் முடித்த இரண்டு மூன்று பேருக்குச் செய்தி அனுப்பி, ஆஃபர் லெட்டர் வந்ததா என்று கேட்காமல், வேலையில் சேர்ந்த தேதி என்ன என்று கேளுங்கள்.