புலப்படத்தைச் செயற்கைக்கோள் படத்தின் மீது பொருத்திப் பார்த்தேன்

முசிறி வட்டத்தில் நாங்கள் வாங்க நினைத்த நிலத்தின் பரப்பு பட்டாவில் 0.24.50 ஹெக்டேர், அதாவது அறுபது செண்டுக்குச் சற்று அதிகம். கிழக்கு மேற்காக 35 மீட்டர், தெற்கு வடக்காக 70 மீட்டர் என்று, நிலத்தின் எல்லைகளையும் அளவுகளையும் காட்டும் அரசு வரைபடமான புலப்படம் காட்டியது. முன்பணம் கொடுப்பதற்கு முன், eservices.tn.gov.in தளத்தில் அந்தப் புலப்படத்தை இறக்கி, QGIS மென்பொருளின் Georeferencer வழியாகச் செயற்கைக்கோள் படத்தின் மீது பொருத்தினேன்.

முதல் முயற்சியில் நிலத்தின் நான்கு மூலைகளையும் படத்தில் தெரிந்த வரப்பு மூலைகளோடு இணைத்து, Thin Plate Spline முறையைத் தேர்ந்தெடுத்தேன். கோடுகள் வரப்பின் மீது அச்சாக உட்கார்ந்தன. மகிழ்ச்சி ஓர் இரவுதான் நீடித்தது. அந்த முறை நாம் காட்டும் புள்ளிகளுக்கு ஏற்பப் புலப்படத்தையே நெளித்துவிடும் என்பதால், சந்தேகத்துக்குரிய வரப்பையே ஆதாரமாக வைத்தால் பிழை என்று எதுவும் வெளியே தெரியாது.

மறுநாள் அடுத்தடுத்த இரண்டு புல எண்களின் படங்களையும் இறக்கி, ஒரே அளவுத்திட்டத்துக்குக் கொண்டுவந்து, பொதுவான எல்லைக் கற்கள் ஒன்றின் மீது ஒன்று அமையும்படி ஒட்டினேன். எங்கள் எல்லையைத் தொடாத வாய்க்கால் பிரிவு, பழைய கிணறு, வண்டிப்பாதைத் திருப்பம் ஆகியவற்றை மட்டும் புள்ளிகளாக எடுத்து, படத்தைத் திருப்பி நகர்த்தி ஒரே விகிதத்தில் அளவு மாற்றுவதைத் தவிர வேறெதுவும் செய்யாத Helmert முறையில் பொருத்தினேன். அளவெடுக்க, இந்தப் பகுதியில் மீட்டர் கணக்கு ஏறத்தாழச் சரியாக வரும் EPSG:32644 ஆயமுறையை வைத்துக்கொண்டேன். இணைய வரைபடங்களின் வழக்கமான EPSG:3857 ஆயமுறையில் நேரடியாகக் கணக்கிட்டால் இந்த அட்சரேகையில் பரப்பு ஏறத்தாழ 4 சதவீதம் கூடுதலாகக் காட்டும்.

இம்முறை மூன்று பக்கங்களும் ஒரு மீட்டருக்குள் பொருந்தின. கிழக்கு வரப்பு மட்டும் கோட்டுக்கு மூன்று மீட்டர் உள்ளே இருந்தது. பொருத்தியதில்தான் தவறு என்றால் எதிர்ப்பக்கமான மேற்கு வரப்பும் அதே அளவு விலகியிருக்க வேண்டும். சில ஆண்டுகளுக்கு முந்தைய செயற்கைக்கோள் படத்தையும் அதே கிணற்றையும் பாதையையும் வைத்துப் பொருத்தியபோது, வரப்பு கோட்டின் மீதே இருந்தது.

கைப்பேசியின் ஜிபிஎஸ் நான்கைந்து மீட்டர் தவறும் என்பதால் இந்த விலகலைத் தீர்மானிக்க அது உதவாது. வடமேற்குக் கல்லிலிருந்து நாடா பிடித்தோம்: கிழக்கு வரப்பு வரை 31.8 மீட்டர். 3.2 மீட்டர் குறைவு எழுபது மீட்டர் நீளத்துக்கு 224 சதுர மீட்டர், அதாவது ஐந்தரை செண்ட்.

நான் பொருத்திய படத்துக்குச் சட்ட மதிப்பு கிடையாது. அதனால் விற்பவர் அளவை மனுக் கொடுத்தார். பக்கத்து நிலத்துக்காரர் முன்னிலையில் நில அளவர் அளந்து, கிழக்கே காணாமல் போயிருந்த கல்லின் இடத்தைக் குறித்தார். வரப்பு அங்கே நகர்ந்த பிறகே முன்பணம் கொடுத்தோம்.