அதே எரிச்சல், வேறு நோய்

சிறுநீர் போகும்போது எரிந்தால் எங்கள் பக்கம் ஒரே பேர்தான், நீர்க்கடுப்பு. சூடு பிடித்துவிட்டது, தண்ணீர் குடிக்கவில்லை என்று காரணமும் கையோடு சொல்லிவிடுவார்கள். போன அக்னி நட்சத்திரத்தின்போது எனக்குக் கொஞ்ச நாள் இடைவெளியில் இரண்டு முறை எரிந்தது. முதலில் வந்தது சிறுநீர்ப்பையில் கிருமித் தொற்று. அடுத்து வந்தது பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று. இரண்டுக்கும் மருந்து வேறு. ஒன்றுக்குக் கொடுத்த மருந்தே மற்றதைக் கிளப்பிவிட்டது என்பதுதான் வேடிக்கை. ஒன்றின் பின் ஒன்றாக வந்ததால் வித்தியாசம் எனக்கு நன்றாகவே பிடிபட்டது. அதை எழுதி வைக்கிறேன்.

வீடு கடலூர் திருப்பாதிரிப்புலியூர், வேலை பாண்டியில். வேலை செய்யும் இடத்தில் பெண்களுக்கென்று கழிப்பறை இருக்கிறது, ஆனால் உள்ளே போய் வரத் தைரியம் வேண்டும். அதனால் பகலில் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வோம். அன்று சாயங்காலம் போய்விட்டுத்தான் பஸ் ஏறினேன். அரியாங்குப்பம் தாண்டியதும் மறுபடி முட்டியது. தவளக்குப்பத்தில் உட்கார முடியவில்லை. முள்ளோடை வருவதற்குள் வியர்த்துக் கொட்டிவிட்டது. வீட்டுக்கு ஓடிவந்து உட்கார்ந்தால் நாலு சொட்டு. எரிச்சல் உள்ளேயிருந்து வந்தது, முடியும் நேரத்தில்தான் அதிகம். கடைசிச் சொட்டு போகும்போது அடிவயிற்றில், எலும்புக்குச் சற்று மேலே, யாரோ பிடித்துப் பிழிவது போல ஒரு வலி. சிறுநீர் கலங்கலாக, நாற்றமாக இருந்தது. பத்து நிமிடம் கழித்து மறுபடி போகவேண்டும் போல இருக்கும். அரிப்பு கிடையாது, வெள்ளைப்படுதலும் வழக்கத்தைவிட அதிகம் இல்லை.

மறுநாள் காலை வீட்டுக்குப் பக்கத்திலிருந்த டாக்டரிடம் போனேன். காய்ச்சல், குளிர்நடுக்கம், விலாப்பக்க முதுகுவலி, வாந்தி ஏதாவது உண்டா என்று கேட்டார். இருந்தால் தொற்று சிறுநீரகம் வரை ஏறியிருக்கலாம், அன்றைக்கே வேறு மாதிரி கவனிக்க வேண்டும் என்றார். எனக்கு எதுவும் இல்லை. கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்குச் சிறுநீர் கொடுத்துவிட்டு, ரிசல்ட் வருவதற்குள் செஃபிக்ஸிம் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரையைத் தொடங்கச் சொன்னார். இரண்டு நாளில் கல்ச்சர் வந்தது. ஈ.கோலை கிருமி, ஒரு மில்லியில் 1 லட்சத்துக்கு மேல். சாப்பிட்டுக்கொண்டிருந்த மாத்திரைக்கு அது கட்டுப்படும் என்றும் போட்டிருந்தது. அதற்குள் முட்டுவதும் எரிவதும் குறைந்துவிட்டன. கொடுத்த மாத்திரை முழுவதையும் முடித்தேன். சரி, போய்விட்டது என்று நினைத்தேன்.

கொஞ்ச நாள் போயிருக்கும், மறுபடி எரிச்சல். வீட்டில் எல்லோரும் சொன்னது ஒன்றேதான், பழையது சரியாகப் போகவில்லை. மருந்துக்கடைப் பையன், “அக்கா, இதையே இன்னும் அஞ்சு நாள் போடுங்க, சில பேருக்கு ரெண்டு கோர்ஸ் ஆகும்” என்று அதே அட்டையை எடுத்து நீட்டினான். அத்தை இளநீர் வாங்கி வைத்துவிட்டு, குளிக்கும் தண்ணீரில் ரெண்டு சொட்டு டெட்டாலும் விட்டுக் கழுவச் சொன்னார். நான் அட்டையை வாங்காமல் பக்கத்து லேபில் சிறுநீர் கொடுத்தேன். ரிப்போர்ட்டில் பஸ் செல் 10-12. அதாவது சீழ் அணுக்கள். சாதாரணமாக ஐந்துக்குள் இருக்க வேண்டும். லேபில் இருந்தவரும், “இன்ஃபெக்‌ஷன் இருக்கே மேடம், ஆன்டிபயாடிக் எடுத்துக்குங்க” என்றார்.

அந்த ரிப்போர்ட்டோடு மஞ்சக்குப்பத்தில் ஒரு மகப்பேறு மருத்துவரிடம் போனேன். அவர் பேப்பரைப் பார்க்கவே இல்லை. முதலில் கேட்டது, “எங்கம்மா எரியுது? உள்ளேயா, வெளியிலயா?”

அந்தக் கேள்வியை யாரும் அதுவரை என்னிடம் கேட்டதில்லை. யோசித்துப் பார்த்தால், இந்த முறை எரிச்சல் வெளியே இருந்தது. சிறுநீர் இறங்கி வெளித்தோலில் படும்போதுதான் சுரீர் என்றது. சிறுநீர் போகும்போதே மேலே தண்ணீர் ஊற்றிக்கொண்டால் அவ்வளவாக எரியவில்லை என்பதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. போனால் ஒரேயடியாக, நிறைய போகிறது. அடிக்கடி முட்டுவதில்லை. ராத்திரி எழுந்திருக்கவில்லை. ஆனால் அரிப்பு உண்டு, உட்கார முடியாத அரிப்பு. வெள்ளை கெட்டியாக, தயிர்த் திட்டு மாதிரி படுகிறது. நாற்றம் இல்லை. இத்தனையும் சொன்னதும் டாக்டர், “பாதி பதிலை நீங்களே சொல்லிட்டீங்க” என்றார். எரிச்சலும் அடிக்கடி போவதும் இருந்து, அரிப்போ வெள்ளையோ இல்லையென்றால் சிறுநீர்த் தொற்றுக்கே வாய்ப்பு அதிகம். அரிப்பும் வெள்ளையும் சேர்ந்தால் பிறப்புறுப்பின் பக்கம் பார்த்தே ஆக வேண்டும். இதுதான் அவர் சொன்ன கணக்கு.

அடிவயிறு பாரமாக இருப்பதை எங்கே சேர்ப்பது என்று கேட்டேன். அவர் படுக்க வைத்து எலும்புக்கு மேலே அழுத்திப் பார்த்தார். முதல் முறை தொட்டாலே வலித்த இடம் இப்போது சும்மா இருந்தது. மாதவிடாய் தேதி கேட்டார். வருகிற வாரம் என்றேன். பாரம் அதனால் இருக்கலாம், பூஞ்சையும் மாதவிடாய்க்கு முன்னால்தான் பலருக்குக் கிளம்பும் என்றார். ஆனாலும் கர்ப்பப் பரிசோதனை ஒன்று செய்துவிட்டுத்தான் மேலே போனார். அடிவயிற்று வலியோடு வருபவர்களுக்கு இதைத் தவிர்க்கக்கூடாது, அப்புறம் எழுதும் மாத்திரையும் அதைப் பொறுத்துத்தான் என்றார்.

பிறகுதான் ரிப்போர்ட். பஸ் செல்லுக்கு இரண்டு வரி கீழே ‘எபிதீலியல் செல் - நிறைய’ என்று இருந்தது. அது தோலும் பிறப்புறுப்பின் உட்சுவரும் உதிர்க்கும் செல். அது நிறைய இருந்தால், குப்பியில் விழுந்தது வெறும் சிறுநீர் இல்லை, வழியில் இருந்த வெள்ளையும் சேர்ந்தே விழுந்திருக்கிறது. அப்படியானால் அந்தச் சீழ் அணுக்களும் அங்கிருந்தே வந்திருக்கலாம். நைட்ரைட் ‘நெகட்டிவ்’ என்று இருந்ததையும் காட்டினார். ஈ.கோலை போன்ற கிருமிகள் சிறுநீர்ப்பையில் சில மணி நேரம் இருந்தால் நைட்ரைட் உண்டாக்கும். அது இல்லாததால் மட்டும் தொற்று இல்லை என்று முடிவு கட்டிவிட முடியாது, ஆனால் என் கதையோடு சேர்த்துப் பார்த்தால் பொருந்துகிறது என்றார்.

மறுபடி சிறுநீர் எடுக்கச் சொல்லி, எடுக்கும் விதத்தை நர்ஸம்மா சொல்லிக் கொடுத்தார். வெறும் தண்ணீரில் கழுவித் துடைத்துவிட்டு, இரண்டு விரலால் இதழ்களை விலக்கிப் பிடித்துக்கொண்டே போக வேண்டும். முதலில் வருவதைக் கழிப்பறையில் விட்டுவிட்டு, நடுவில் வருவதைக் குப்பியில் பிடிக்க வேண்டும். மூடியின் உள்பக்கத்தைத் தொடக்கூடாது. ஒரு மணி நேரத்துக்குள் லேபில் சேர்க்க வேண்டும், முடியாவிட்டால் ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். கடலூர் வெயிலில் கைப்பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் காத்திருந்தால் குப்பிக்குள்ளேயே கிருமி பெருகிவிடும். இப்படி எடுத்ததில் பஸ் செல் 2-3. கல்ச்சரிலும் எதுவும் வளரவில்லை.

உள் பரிசோதனைதான் நிறைய பேர் பயந்து தள்ளிப்போடுவது. உள்ளே விரித்துப் பார்க்கும் ஸ்பெகுலம் என்ற கருவியை வைத்துப் பார்த்தது ஓரிரு நிமிடம். கொஞ்சம் கூச்சம், கொஞ்சம் எரிச்சல், அவ்வளவுதான். வெளியே சிவந்து வீங்கி, மெல்லிய வெடிப்புகள் இருந்தனவாம். சிறுநீர் பட்டுச் சுரீர் என்றதன் காரணம் அந்த வெடிப்புதான். பஞ்சுக் குச்சியில் வெள்ளையை எடுத்து ஒரு காகிதப் பட்டையில் தடவினார். பிஹெச் 4, அதாவது இயல்பான அமிலத்தன்மை அப்படியே இருக்கிறது. பூஞ்சை வந்தால் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். 4.5-க்கு மேலே போய், மீன் கவிச்சி நாற்றமும் நீர்த்த சாம்பல் வெள்ளையும் இருந்தால் அது பாக்டீரியா மிகுதி. மஞ்சள் பச்சையாக நுரைத்து வந்தால் டிரைகோமோனாஸ் என்று ஓர் ஒட்டுண்ணித் தொற்று, அதற்குக் கணவருக்கும் சேர்த்து மாத்திரை. அந்த இரண்டுக்கும் பூஞ்சை மருந்து வேலைக்காகாது. என் வெள்ளையைத் தடவி மைக்ரோஸ்கோப்பில் பார்த்த ஸ்லைடில் பூஞ்சை இழைகள் தெரிந்தன என்று லேபும் சொன்னது.

காரணம் என் கையிலேயே இருந்தது, தீர்ந்துபோன செஃபிக்ஸிம் அட்டை. சிறுநீர்த் தொற்றைக் கொன்ற மாத்திரை, பிறப்புறுப்பில் இருக்கும் நல்ல பாக்டீரியாவையும் சேர்த்துக் குறைத்துவிடுகிறது. காலியான இடத்தில் பூஞ்சை பெருகுகிறது. அதற்காக அந்த மாத்திரை கொடுத்தது தப்பென்று டாக்டர் சொல்லவில்லை. அப்போது அது தேவைப்பட்டது. இப்போது அதையே இரண்டாவது கோர்ஸ் போட்டிருந்தால் பூஞ்சை இன்னும் பரவியிருக்கும், அவ்வளவுதான்.

மருந்து எளிது. க்ளோட்ரிமசோல் 500 மில்லிகிராம், உள்ளே வைக்கும் மாத்திரை, ராத்திரி படுக்கும்போது ஒன்றே ஒன்று. வெளியே தடவ அதே மருந்தில் க்ரீம். வாயால் சாப்பிடும் ஃப்ளூகனசோல் 150 ஒரே மாத்திரையும் போதும், ஆனால் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்க மாட்டோம் என்றார். க்ரீமும் உள் மாத்திரையும் ஆணுறையைப் பலவீனப்படுத்தும் என்பதையும் அவரே சொன்னார். கேட்கக் கூச்சப்படும் விஷயம், சொன்னது நல்லது. டெட்டாலுக்கும் வாசனை சோப்புக்கும் தடை. வெறும் தண்ணீர், வெளிப்பக்கம் மட்டும். அரிப்பு ஓரிரு நாளில் தணிந்தது, வெடிப்பு ஆற இன்னும் கொஞ்சம் ஆனது. ஒரு வாரத்தில் தீராவிட்டாலோ அடிக்கடி வந்தாலோ மறுபடி வரச் சொன்னார். அப்போது வெள்ளையையே கல்ச்சருக்கு அனுப்ப வேண்டும், சர்க்கரையும் பார்க்க வேண்டும்.

சர்க்கரை என்றதும் அத்தையின் நினைவு வந்தது. அவரும் சில மாதங்களாக அரிப்பு, எரிச்சல் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய மாத்திரைச் சீட்டை டாக்டரிடம் காட்டினேன். அதில் டாபாக்ளிஃப்ளோசின் இருந்தது. ரத்தத்திலிருக்கும் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும் மாத்திரை அது. இனிப்பான சிறுநீர் பட்டால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், எழுதிக் கொடுத்த சர்க்கரை டாக்டரிடம் இந்த அரிப்பை வாய் திறந்து சொல்லச் சொல்லுங்கள் என்றார். அத்தை அதுவரை அந்த டாக்டரிடம் சொன்னதெல்லாம் கால் எரிச்சல் மட்டும்தான்.