உள்தணிக்கை நேர்காணல்: ஒரு பேமெண்ட் பட்டியல், இரண்டு குறிப்புகள்

"டெக்னிக்கல் ரவுண்டில் சும்மா பேசுவார்கள், அவ்வளவுதான்" என்று எச்.ஆரில் இருந்து அழைத்தவர் சொல்லியிருந்தார். போய் உட்கார்ந்ததும் கையில் தாள்களைத் திணித்து, அரை மணி நேரம் என்றார்கள். கணினி கிடையாது. கால்குலேட்டரைக்கூடக் கேட்டுத்தான் வாங்கினேன். உள்தணிக்கை வேலைக்கு நேர்காணல் போகிறவர்கள், "சும்மா பேசுவார்கள்" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். சூழ்நிலைக் கேள்வி ஒன்று நிச்சயம் இருக்கும்.

தாளில் இருந்தது இதுதான். ஒரு நிறுவனம் மூன்று மாதங்களில் வெண்டர்களுக்குச் செலுத்திய தொகைகள், சுமார் அறுபது வரிகள். மேலே ஒரு விதி: 50,000 வரையிலான இன்வாய்ஸைத் துறைத் தலைவர் தனியாக ஒப்புதல் செய்யலாம், அதற்கு மேல் போனால் நிதி இயக்குநரின் கையெழுத்தும் வேண்டும். வேலை இரண்டு. வழக்கத்துக்கு மாறான வரிகளைக் குறிக்க வேண்டும், அவற்றைப் பற்றித் துறைத் தலைவருக்கு அரைப் பக்கக் குறிப்பு எழுத வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், தாளின் வலது ஓரம் அச்சில் வெட்டுப்பட்டிருந்தது. பதிவு செய்தவர் யார், ஒப்புதல் தந்தவர் யார் என்ற இரண்டு பத்திகளும் போய்விட்டன. ஒரு தணிக்கையாளர் முதலில் தேடுவதே அந்த இரண்டைத்தான். வெளியே போய்க் கேட்டேன். "எல்லாருக்கும் இதைத்தான் கொடுத்திருக்கோம், இருக்கிறதை வைத்துச் செய்யுங்க" என்று பதில் வந்தது, தலையைக்கூட நிமிர்த்தாமல்.

சரி என்று திரும்பி வந்து, விடைத்தாளின் முதல் வரியாக இதை எழுதினேன்: "எனக்குத் தரப்பட்ட படியில் பதிவு செய்தவர், ஒப்புதல் தந்தவர் விவரங்கள் இல்லை. கீழே உள்ளவை தேதி, வெண்டர், இன்வாய்ஸ் எண், தொகை ஆகியவற்றை மட்டும் வைத்துச் சொல்பவை." பிறகு அறைக்குள் போனதும் குழுவில் ஒருவர் எடுத்த எடுப்பிலேயே, "214-ஆம் வெண்டருக்கு ஒப்புதல் தந்தது யார், அதை ஏன் எழுதவில்லை?" என்று கேட்டார். அவர் கையில் இருந்த படி முழுசாக இருந்தது. என் முதல் வரியைக் காட்டினேன். இரண்டு படிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. இருந்தாலும் பாதகமில்லை. தரவில் எது இல்லை என்பதை முதலிலேயே எழுதி வையுங்கள். நிஜத் தணிக்கையிலும் அப்படித்தான் செய்ய வேண்டும்.

பட்டியலைக் கையால் பார்க்கும்போது வரிவரியாகப் படிக்காதீர்கள், நேரம் போய்விடும். வெண்டர் வாரியாக வரிகளைச் சேர்த்தேன். அப்புறம் வரம்புக்குச் சற்றுக் கீழே நிற்கும் தொகைகளைப் பார்த்தேன். 214 உடனே கண்ணில் பட்டது. ஒரே வாரத்தில் 49,200, 48,750, 49,500 என்று மூன்று இன்வாய்ஸ்கள். கூட்டினால் 1,47,450. ஒன்றாக வந்திருந்தால் நிதி இயக்குநரிடம் போயிருக்க வேண்டிய தொகை.

அத்தோடு நிற்கவில்லை. அந்த மூன்றின் எண்கள் 117, 118, 119. அதே வெண்டரின் முந்தைய இன்வாய்ஸ்களைத் தேடிப் பார்த்தால், முதல் மாதம் 113, இரண்டாம் மாதம் 114, 115, 116. மூன்று மாதங்களில் ஓர் எண்கூட விடுபடவில்லை. அதாவது இந்த வெண்டர் வேறு யாருக்கும் பில் போட்டதாகத் தெரியவில்லை. நடந்துகொண்டிருக்கும் வியாபாரத்தில் இடையில் எண்கள் தாவியிருக்கும். தொகையைப் பிரித்ததைப் பலர் பிடித்துவிடுவார்கள். எண் வரிசையைக் கவனித்தால்தான் "இந்த வெண்டர் உண்மையில் இருக்கிறாரா" என்ற அடுத்த கேள்வி எழும்.

இன்னொன்று, 087-ஆம் வெண்டர். 23,640 இரண்டு முறை போயிருந்தது, பதினாறு நாள் இடைவெளியில். ஒன்றில் இன்வாய்ஸ் எண் 4051, மற்றதில் 04051. முன்னால் ஒரு பூஜ்யம் சேர்ந்தால் போதும், எண்களை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் மென்பொருளுக்கு இரண்டும் வேறு வேறு இன்வாய்ஸ். "கணினி இருந்தால் எப்படித் தேடியிருப்பீர்கள்?" என்று கேட்டார்கள். வெண்டரையும் தொகையையும் மட்டும் ஒப்பிடுவேன், இன்வாய்ஸ் எண்ணை வேண்டுமென்றே விட்டுவிடுவேன் என்று எழுதிக் காட்டினேன். வெண்டர் B பத்தியிலும் தொகை D பத்தியிலும் இருப்பதாக வைத்துக்கொண்டால்:

```
=COUNTIFS(B:B,B2,D:D,D2)>1
```

மாதச் சந்தா, வாடகை போன்றவையும் இதில் மாட்டும். அவற்றைக் கையால் கழிக்க வேண்டும்.

வாடகை என்றதும் நினைவுக்கு வருகிறது, பட்டியலில் பொறி ஒன்றும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை தேதியிட்ட, சரியாக 1,00,000 என்ற முழுத்தொகை. தயாரிப்புக் குறிப்புகள் எல்லாவற்றிலும் "விடுமுறை நாள், முழுத்தொகை, உஷார்" என்று இருக்கும். நான் அதைக் குறிக்கவில்லை. "ஏன் விட்டீர்கள்?" என்று கொஞ்சம் கடுமையாகவே கேட்டார் அதே மனிதர். அதே தொகை, அதே வெண்டர், மூன்று மாதமும் முதல் தேதி. அதில் ஒரு முதல் தேதி ஞாயிறாக அமைந்திருக்கிறது. ஒப்பந்தத்தை ஒருமுறை பார்த்து உறுதி செய்துகொள்வேன், ஆனால் இதைப் பட்டியலில் சேர்த்தால் மற்ற இரண்டின் கனம் குறையும் என்றேன். கேள்வி அதோடு நின்றது.

பென்ஃபோர்டு விதியைப் பயன்படுத்தலாமே என்று அவரே ஒரு தூண்டிலும் போட்டார். இயல்பாகச் சேரும் பெரிய தரவில் முதல் இலக்கம் 1 ஆக இருப்பது சுமார் 30 சதவீதம் என்பதை வைத்து முரண்களைத் தேடும் முறை அது. அறுபது வரிகளில் அது எதையும் நிரூபிக்காது என்றேன். தலையாட்டினார். 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலகளாவிய உள்தணிக்கைத் தரநிலைகளை விழுந்து விழுந்து படித்துவிட்டுப் போயிருந்தேன். அதிலிருந்து நேரடியாக ஒரு கேள்விகூட வரவில்லை!

உண்மையான சண்டை இரண்டாம் பகுதியில்தான். துறைத் தலைவருக்குக் குறிப்பு எழுதச் சொன்னார்கள் அல்லவா? 50,000 வரை தனியாக ஒப்புதல் தருபவரே அவர்தான். பிரித்துப் போடப்பட்டதாகத் தோன்றும் மூன்று இன்வாய்ஸ்களும் விதிப்படி அவர் கையைத் தாண்டித்தான் போயிருக்கும். அவருக்கே முதலில் எழுதினால், தவறு இருந்தால் தடயம் அழிய வாய்ப்பு, தவறு இல்லாவிட்டாலும் விசாரணை கெட்டுவிடும்.

அதனால் இரண்டு குறிப்புகள் எழுதினேன். 087 பற்றியது துறைத் தலைவருக்கு, கணக்குப் பிரிவுக்கு ஒரு நகலோடு. 214 பற்றியது உள்தணிக்கைத் தலைவருக்கு மட்டும்.

"கேட்டது ஒரு குறிப்பு. சொன்னதைச் செய்யாமல் இருப்பதுதான் உங்கள் பழக்கமா?" என்று வந்தது பாருங்கள் ஒரு கேள்வி. குரல் உயர்த்தாமல் பதில் சொல்வது கஷ்டமாகத்தான் இருந்தது. "துறைத் தலைவருக்குத் தெரிவிக்க மாட்டேன் என்று சொல்லவில்லை சார். எப்போது, யார் மூலமாக என்பதை உள்தணிக்கைத் தலைவர் முடிவு செய்யட்டும். மேல்மட்டத்தில் உள்ளவர்களே சம்பந்தப்பட்டிருந்தால் அவர் தணிக்கைக் குழுவிடம் கொண்டுபோவார்" என்றேன். நேர்காணல் குழுவில் இருந்த மேடம் அப்போதுதான் முதல்முறையாகக் குறுக்கிட்டு, 214 குறிப்பைப் படிக்கச் சொன்னார். ஏறக்குறைய இப்படி எழுதியிருந்தேன்:

"விதி: 50,000க்கு மேல் நிதி இயக்குநரின் ஒப்புதல் தேவை. கண்டது: ஒரே வாரத்தில் 214-க்கு மூன்று இன்வாய்ஸ்கள், ஒவ்வொன்றும் வரம்புக்குக் கீழே, மொத்தம் 1,47,450. மூன்று மாதங்களில் இன்வாய்ஸ் எண்கள் இடைவெளியின்றித் தொடர்கின்றன. காரணம்: இன்னும் தெரியவில்லை. மூன்று தனி வேலைகளுக்கான தனி பர்ச்சேஸ் ஆர்டர்களாகவும் இருக்கலாம். அடுத்து: ஆர்டர் தேதிகள், பொருள் பெற்றதற்கான பதிவு, வெண்டர் எப்போது யாரால் சேர்க்கப்பட்டார் என்பது, அனுமதி கிடைத்தால் வெண்டரின் வங்கிக் கணக்கை ஊழியர் சம்பளக் கணக்குகளோடு ஒப்பிடுவது."

மோசடி என்ற சொல்லை எங்கும் போடவில்லை. அதைக் கவனித்துக் கேட்டார் மேடம். நோக்கம் நிரூபணமாகும் வரை அது என் முடிவு, ஆதாரம் அல்ல என்றேன். 087 குறிப்பிலும் "23,640 நஷ்டம்" என்று எழுதாமல், "இருமுறை செலுத்தப்பட்டதாகத் தெரிகிறது" என்றுதான் எழுதியிருந்தேன். வெண்டர் ஏற்கெனவே கிரெடிட் நோட் கொடுத்திருக்கலாம். அவருடைய கணக்கு அறிக்கையை வாங்கிப் பார்க்காமல் நஷ்டம் என்று சொல்லிவிட்டால், கணக்குப் பிரிவு ஒரே கிரெடிட் நோட்டைக் காட்டி மொத்த அறிக்கையையும் கவிழ்த்துவிடும்.

கடைசியாக ஒரு கேள்வி. துறைத் தலைவர் உங்களை வழியில் மடக்கி, "என் வெண்டர் ஒருத்தரைப் பற்றித் தோண்டுறீங்களாமே?" என்று கேட்டால்? பொய் சொல்லக் கூடாது, விவரமும் சொல்லக் கூடாது. பேமெண்ட்களை வழக்கமான முறையில் பார்த்துவருகிறோம், கேள்வி இருந்தால் எங்கள் தலைவர் பேசுவார் என்பேன். பேசியதை அன்றைக்கே எழுதி அவருக்கு அனுப்புவேன் என்றேன். கூடவே, அந்த நிலையே வராமல் இருக்க, ஆவணங்களைக் கேட்கும்போது 214-ஐ மட்டும் கேட்காமல் பத்து வெண்டர்களின் கோப்புகளை மொத்தமாகக் கேட்பேன் என்றும் சொன்னேன். யார் மீது கண் இருக்கிறது என்று கோப்பு எடுத்துத் தருபவருக்குத் தெரியாது. இந்தப் பதில் அவர்களுக்குப் பிடித்தது என்று பிற்பாடு கேள்விப்பட்டேன்.

மற்ற சுற்றுகள் சுலபம், சம்பளப் பேச்சும் சட்டென்று முடிந்தது. ஆஃபர் கடிதம் வந்தது. திறந்து பார்த்தால், நான் நிதி இயக்குநருக்குக் கீழே வேலை செய்வேன் என்று போட்டிருக்கிறது. யாருடைய ஒப்புதல்களைச் சோதிக்க வேண்டுமோ அவருக்கே அறிக்கை கொடுப்பதாம். உள்தணிக்கைத் தலைவர் என்று திருத்தித் தரும்படி கேட்டிருக்கிறேன். "எல்லாருக்கும் இதே ஃபார்மேட்தான்" என்று எச்.ஆரில் இருந்து பதில் வந்திருக்கிறது. திருத்தி வாங்காமல் கையெழுத்துப் போடுவதாக இல்லை.