"போதும்மா" என்று சொன்ன வெள்ளிக்கிழமை

"சார், டிக்கெட்டில் டேட்டாபேஸ் பாஸ்வேர்டு போய்விட்டது. உடனே அழித்துவிட்டேன். போதுமா?"

"போதும்மா" என்றேன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கேட்டவர் என் குழுவில் ஒருவர். வாடிக்கையாளரின் இணைப்புக் கோளாறை விளக்க, கான்ஃபிக் கோப்பின் ஐந்தாறு வரிகளை விவரப் பகுதியில் அப்படியே ஒட்டியிருந்தார். ஒரு வரி `spring.datasource.password=` என்று தொடங்கியது. அவசரத்தில் யாரும் செய்வதுதான், நானும் செய்திருக்கிறேன்.

அரை மணி கழித்து அந்த டிக்கெட்டைத் திறந்தேன். டிக்கெட்டுகளைப் பதியும் ஜிரா மென்பொருளில் History என்பதைச் சொடுக்கினால் இடப்பக்கம் பழைய வாசகமும் வலப்பக்கம் புதியதும் வரும். இடப்பக்கத்தில் அந்த பாஸ்வேர்டு ஓர் எழுத்துக்கூடக் குறையாமல் நின்றது. டிக்கெட் உருவானபோதே அதன் முழு விவரமும் 11 பேருக்கு மின்னஞ்சலாகப் போயிருந்தது. இருவர் வெளி ஒப்பந்ததாரர்கள். டிக்கெட்டையே நீக்கினாலும் அந்த அஞ்சல்கள் திரும்பி வரப்போவதில்லை. பாஸ்வேர்டை மாற்றுவது ஒன்றே வழி.

இது எனக்குத் தெரியாததல்ல. அதுதான் உறுத்துகிறது. அன்றிரவு சம்பளப் பட்டியல் ஓட வேண்டியிருந்தது. அந்த பாஸ்வேர்டை நான்கு நிரல்கள் பயன்படுத்தின. ஒன்றில் மாற்ற மறந்தாலும், அது பழையதை வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப முயன்று கணக்கையே பூட்டிவிடும். அன்றிரவே மாற்றாததற்கு இந்த நியாயம் கேட்கச் சரியாகவே படும். ஆனால் அவர் கேட்டபோது இதையெல்லாம் எண்ணியா பதில் சொன்னேன்? இல்லை. வீட்டுக்குக் கிளம்பும் நேரம், அவ்வளவுதான்.

சனிக்கிழமை காலை வேறொரு நண்பரோடு உட்கார்ந்தேன். புதிய பயனர் கணக்கு ஒன்றை உருவாக்கி, நிரல்களை ஒவ்வொன்றாக அதற்கு மாற்றி, கடைசியில் பழைய கணக்கை மூடினோம். பழையதை மூடும்வரை எதுவும் நிற்கவில்லை. வெள்ளி இரவே இதைத் தொடங்கியிருக்கலாம் என்பது அப்போதுதான் புரிந்தது. என் நியாயத்தில் பாதி அங்கேயே போயிற்று. இடைப்பட்ட நேரத்தின் உள்நுழைவுப் பதிவுகளில் தெரியாத முகவரி எதுவும் இல்லை.

அவரிடம் இதைச் சொல்லவில்லை. தானாக வந்து சொன்னவரை ஏன் வருந்தவைப்பது என்று நினைத்தேன். திங்களன்று குழுவுக்கு எழுதிய சுற்றறிக்கையில், ரகசியங்களை அதற்கான பாஸ்வேர்டு பெட்டக மென்பொருளில் வைத்து, டிக்கெட்டில் அந்தப் பதிவின் பெயரை மட்டும் எழுதுங்கள் என்றேன். தவறிப் போட்டுவிட்டால் அழிப்பது போதாது, பாஸ்வேர்டை மாற்றியாக வேண்டும் என்ற வரியை எழுதிவிட்டு எடுத்துவிட்டேன். படிப்பவர்கள் அவரைத்தான் நினைப்பார்கள் என்று தோன்றியது.

அதன்பின் யாரும் என்னிடம் வந்து அப்படிச் சொல்லவில்லை. தவறு நடக்கவில்லை என்று கொஞ்ச நாள் நிம்மதியாக இருந்தேன்.

சென்ற மாதம் வேறொரு டிக்கெட்டின் History பகுதியில், இடப்பக்கம், பாஸ்வேர்டைப் போலவே உள்ளே விடும் ஓர் ஏபிஐ டோக்கன். மூன்று வாரமாக அங்கே இருந்திருக்கிறது. அதை உடனே ரத்து செய்ய வைத்தேன். ஒட்டியதும், இரண்டே நிமிடத்தில் அழித்ததும் அவர்தான்.

அவரை இன்னும் கூப்பிட்டுப் பேசவில்லை.