மீதமிருந்த 35 சதவீதம்

“35 சதவீதம் மிச்சம் இருக்கிறதே, தம்பி. பிறகு ஏன் ஆட்களைத் திருப்பி அனுப்புகிறாய்?”

சார் இதைக் கோபமாகக் கேட்கவில்லை. என் நாற்காலிக்குப் பின்னால் நின்றபடி, திரையில் ஓடிய சிபியு கோட்டை விரலால் காட்டிக் கேட்டார். பொங்கலுக்கான பஸ் டிக்கெட் முன்பதிவு திறந்து 40 நிமிடம் ஆகியிருந்தது. டேட்டாபேஸ் சர்வரின் சிபியு 65-இல் நின்றது. உள்ளே 9,000 பேர் இருந்தார்கள். வெளியே அதைப்போல் நான்கு மடங்குப் பேருக்கு, சிறிது நேரம் கழித்து வரச் சொல்லும் பக்கம்தான் போய்க்கொண்டிருந்தது. “இன்னும் 3,000 பேரை விடு” என்றார். “முடியாது, சார்” என்றேன். அவர் இரண்டாம் முறை கேட்கவில்லை. வாடிக்கையாளர் அழைப்புகளை எடுப்பவர்கள் இருந்த பக்கம் நடந்து போனார்.

அந்த “முடியாது”வைப் பல மாதங்களாக மனத்துக்குள் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்க்கிறேன்.

அதைச் சொல்ல எனக்குக் காரணம் இருந்தது. அதற்கு முந்தைய தீபாவளி முன்பதிவில் எங்களிடம் வரம்பு என்று ஒன்று இருக்கவில்லை. 400 கனெக்ஷன்கள் வரை திறக்கலாம் என்று டேட்டாபேஸின் `max_connections` அமைப்பு அனுமதித்தது. நெரிசலில் 400-ம் திறந்தன. சாதாரண நாளில் 30 மில்லி விநாடியில் முடியும் வேலை, அன்று 4 விநாடி எடுத்தது. 400 வேலைகள், ஒவ்வொன்றும் 4 விநாடி என்றால் விநாடிக்கு 100 வேலைதான் முடியும். அதே இயந்திரத்தில் 48 வேலைகளை மட்டும் ஒரே நேரத்தில் விட்டிருந்தால், 30 மில்லி விநாடிக் கணக்கில், விநாடிக்கு 1,600 முடிந்திருக்கும். அந்த 100-ம் வீண்தான். பயணிகளின் கையில் இருக்கும் எங்கள் டிக்கெட் செயலி 3 விநாடிக்கு மேல் காத்திருக்காது. டேட்டாபேஸ் 4-ஆம் விநாடியில் பதிலோடு வந்தபோது வாங்கிக்கொள்ள எதிரில் யாரும் இல்லை. கேட்டவர் கிளம்பிவிட்டார் என்பது எங்கள் டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸுக்குத் தானாகத் தெரியாது. பதிலை எழுதப் போகும்போதுதான் தெரியும். (14-ஆம் பதிப்பில் இதற்காக `client_connection_check_interval` வந்தது. நாமாக அமைக்காவிட்டால் அது 0, அதாவது பார்க்காது.) போனவர் சும்மா போகவும் இல்லை. மறுபடி பொத்தானை அழுத்தினார். அவர் அழுத்தாவிட்டாலும் செயலியே மறுமுயற்சி செய்தது. அதனால் கூட்டம் பாதியாகக் குறைந்த பிறகும் டேட்டாபேஸ் எழவில்லை. தன் பழைய வேலையின் பாரத்தில் தானே கிடந்தது. கடைசியில் வாசலை முழுதாக மூடி, பத்து நிமிடம் யாரையும் விடாமல் வைத்துத்தான் மீட்டோம்.

அதைக் கண்ணால் பார்த்தவன் என்பதால்தான் 48 என்ற எண்ணை வைத்தேன். 16 கோர் இயந்திரத்தில் சோதித்தபோது 48 வரை வேலை கூடிக்கொண்டே போனது. அதற்கு மேல் காத்திருப்புதான் கூடியது. 48-இல் 8 இடங்களைப் பணம் கட்டி முடித்தவர்களின் உறுதிப்படுத்தலுக்கென்று ஒதுக்கினேன். பணம் போய் டிக்கெட் வராத நிலை மட்டும் யாருக்கும் வரக்கூடாது என்று நினைத்தேன். இடம் கிடைக்காத கோரிக்கை 200 மில்லி விநாடி காத்திருக்கும். அதற்குள் கிடைக்காவிட்டால் இப்போது முடியாது என்னும் `503`, கூடவே எப்போது திரும்ப வரலாம் என்னும் `Retry-After`.

இந்த ஏற்பாட்டிலும் முதல் 11 நிமிடம் நான் ஒரு பெரிய தவறு செய்தேன். சாருடன் நடந்த பேச்சை விட இதைச் சொல்வது எளிது, ஏனென்றால் இது தவறு என்பதில் சந்தேகம் இல்லை. விநாடிக்கு 8,000 கோரிக்கை வந்தது, 1,600 உள்ளே போனது. டேட்டாபேஸ் அமைதியாக இருந்தது. எல்லாக் கட்டங்களும் பச்சை. ஆனால் டிக்கெட் விற்கவில்லை. ஒரு டிக்கெட் வாங்க ஆறு படி ஏற வேண்டும்: தேடல், பஸ்ஸின் இருக்கைப் படம், இருக்கையைப் பிடித்துவைத்தல், பயணி விவரம், பணம் கட்டும் பக்கம், உறுதி. கடைசிப் படிக்கு ஒதுக்கீடு இருந்ததால் அதை விட்டுவிடுவோம். மற்ற ஐந்திலும் வாசல் ஐந்தில் ஒருவரைத்தான் விட்டது, ஒவ்வொரு முறையும் புதிதாகச் சீட்டுக் குலுக்கி. ஐந்தை ஐந்து முறை பெருக்கினால் 3,125. தடங்கலில்லாமல் கடைசி வரை போகக்கூடியவர் 3,125 பேரில் ஒருவர். மற்றவர்கள் நடுவில் எங்கோ தடுக்கப்பட்டு, மறுபடி அழுத்தி, பிடித்துவைத்த இருக்கையின் நேரம் தீர்ந்து, அதை இழந்தார்கள். நான் காப்பாற்றியது டேட்டாபேஸை மட்டும்.

எனவே கோரிக்கையை எண்ணுவதை விட்டு, ஆளை எண்ணினேன். உள்ளே வந்தவருக்குப் பத்து நிமிட அனுமதிச் சீட்டு. அது கையொப்பமிட்ட குக்கி. சரிபார்க்க டேட்டாபேஸைத் தொட வேண்டியதில்லை. (தீபாவளிக்கு முன் நாங்கள் வைத்திருந்த ஒரு தடுப்பு, ஆள் யார் என்று டேட்டாபேஸில் பார்த்துவிட்டுத்தான் அவரை மறுத்தது. மறுப்பதற்கே அதனிடம் போனால் மறுத்து என்ன பயன்?) சீட்டு உள்ளவரின் ஆறு படிகளும் திறந்திருக்கும். சீட்டு இல்லாதவர் முதல் படியிலேயே நிற்பார். ஒருமுறை மட்டும் மறுக்கப்படுவது ஆறு முறை மறுக்கப்படுவதை விட நல்லது என்று அன்றும் நம்பினேன், இன்றும் நம்புகிறேன். மாற்றிய கால் மணி நேரத்தில் டிக்கெட் விற்பனை ஏறியது. அப்போதுதான் சார் வந்தார்.

“முடியாது” என்று சொல்லும் முன் நான் இதைத்தான் பார்த்தேன்:

```sql
SELECT wait_event_type, count(*)
FROM pg_stat_activity
WHERE state = 'active'
GROUP BY 1;
```

பொது வேலைக்கான 40 இடங்களில் 22, `Lock` என்ற வரிசையில், அதாவது வேறொருவரின் பூட்டு அவிழக் காத்து, இருந்தன. அவை சிபியுவைத் தொடவே இல்லை. இருக்கை பிடிக்கும்போது டேட்டாபேஸ் அட்டவணையில் அந்தப் பஸ்ஸுக்குரிய ஒற்றை வரியை `FOR UPDATE` என்று பூட்டிவிட்டுத்தான் மீதி இருக்கைகளைக் குறைக்கிறோம். ஒருவர் அந்தப் பூட்டை 15 மில்லி விநாடி வைத்திருக்கிறார் என்றால், ஒரு பஸ்ஸில் விநாடிக்கு 66 பேருக்கு மேல் பிடிக்க முடியாது. ஆயிரம் கோர் கொடுத்தாலும் அதே 66-தான். பொங்கலுக்கு முந்தைய வெள்ளி இரவு திருநெல்வேலிக்கும் நாகர்கோவிலுக்கும் போகும் சில பஸ்களின் மேல்தான் எல்லோரும் விழுந்துகொண்டிருந்தார்கள். இன்னும் 3,000 பேரை விட்டால் 22 முப்பதாகும், மீதிப் பத்து இடத்தில் மற்ற எல்லாரும் நெருக்குவார்கள், நேரம் நீளும், மறுமுயற்சி தொடங்கும். தீபாவளி திரும்ப வரும். சிபியுவில் தெரிந்த 35 சதவீதம், பூட்டின் முன் நிற்கிறவர்களுக்கு உதவாத இடம். இதைச் சாருக்கு அப்போது விளக்க நேரமில்லை. பிற்பகலில் விளக்கினேன். தலையசைத்தார்.

இதுவரை என் பக்கம் நியாயம் இருக்கிறது.

அன்றிரவு வீட்டிலிருந்து சர்வரின் பதிவுக் கோப்பைத் திறந்தேன். மறுக்கப்பட்டவர்கள் எங்கே போக நினைத்தார்கள் என்பது முகப்புப் பக்கத்தில் தெரியாது. ஆனால் பலர் பின்னர் சீட்டுக் கிடைத்து உள்ளே வந்து தேடியிருந்தார்கள். அவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தேன். பத்தில் நான்கு பேர் கேட்டது அந்தத் தென்மாவட்ட பஸ்களை அல்ல. திருவண்ணாமலை, வேலூர், கும்பகோணம். அந்தப் பஸ்களின் வரிகளில் பூட்டுக்காக யாரும் காத்திருக்கவில்லை. இருக்கைகள் காலியாக இருந்தன. அவர்கள் வந்திருந்தால் சில மில்லி விநாடி சிபியு செலவாகியிருக்கும். அந்தச் சிபியு என்னிடம் இருந்தது. சார் விரலால் காட்டிய 35 சதவீதம் அதுதான்.

அவர் சொன்ன வழி தவறு. 3,000 பேரைக் கண்மூடி விட்டிருந்தால் நான் பயந்ததுதான் நடந்திருக்கும், அதில் எனக்கு இப்போதும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அவர் கேட்ட கேள்வி சரி. இடம் இருக்கும்போது ஏன் திருப்பி அனுப்புகிறாய் என்றார். நான் இடம் இல்லை என்றேன். எனக்குத் தெரிந்த வாசலில் இடம் இல்லை, அவ்வளவுதான். ஒரு பஸ்ஸுக்கு ஒரே நேரத்தில் நான்கு பேர் மட்டும் என்று பஸ்வாரியாகத் தனி வரம்பு வைத்திருந்தால், நாகர்கோவில் கூட்டம் தன் வரிசையில் தான் நின்றிருக்கும், திருவண்ணாமலைக்காரர் தம் வழியில் போயிருப்பார். அதைச் செய்ய இருபது வரி நிரல் போதும். அந்தக் காலை அது எனக்குத் தோன்றவே இல்லை. தீபாவளியைப் பார்த்த பயத்தில், வாசலைக் காப்பதே வேலை என்று இருந்துவிட்டேனோ என்னவோ.

அப்படிச் சொல்லும்போதே மறுபக்கமும் எழுகிறது. பஸ்வாரி வரம்பு என்றால் வாசலை இருக்கை பிடிக்கும் படிக்குத் தள்ள வேண்டும். தேடலைத் தற்காலிக நினைவகத்திலிருந்து கொடுக்கலாம், டேட்டாபேஸுக்குப் பாரம் இல்லை. ஆனால் ஒருவர் பஸ்ஸைத் தேர்ந்து, ஜன்னலோர இருக்கையைத் தொட்ட பிறகு “இப்போது முடியாது” என்று சொல்வோம். முகப்பிலேயே சொல்வது கடுமையா, இருக்கையைக் காட்டிவிட்டுச் சொல்வது கடுமையா?

அடுத்த முன்பதிவில் பஸ்வாரி வரம்பைக் கொண்டுவந்தோம். சிபியு 80-ஐத் தாண்டியது, வெளியே நின்றவர்கள் குறைந்தார்கள். தென்மாவட்டப் பயணிகளிடமிருந்து வந்த புகார்கள் மட்டும் முன்பை விட அதிகம். எல்லாம் ஒரே மாதிரி: இருக்கை கண்ணில் தெரிகிறது, கைக்கு வரவில்லை.

அதற்குள் சார் வேறு பிரிவுக்குப் போய்விட்டார். அந்தப் பதிவுக் கோப்பில் நான் கண்டதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை. பொங்கல் நெரிசல் பற்றி நான் எழுதிய அறிக்கையில் “வரம்பு எதிர்பார்த்தபடி செயல்பட்டது, கூடுதல் பயனர்களை அனுமதிக்க இடமிருக்கவில்லை” என்று ஒரு வரி இருக்கிறது. முதல் பாதி உண்மை. இரண்டாம் பாதியைத் திருத்த இரண்டு முறை அறிக்கையைத் திறந்தேன். “இடமிருந்தது” என்று எழுதினால் அடுத்து வருபவர் 48-ஐ 100 ஆக்கிவிடுவார். அந்த வரி அப்படியே இருக்கிறது.