‘ரியாக்டிவ்’ என்று வந்த சோதனைத்தாள்

மார்ச் 4, 2025, செவ்வாய்

பேரணாம்பட்டு அருகிலுள்ள ஒரு சிற்றூரிலிருந்து, சவூதிக்குக் கொத்தனார் வேலைக்குப் புறப்படவிருந்த இளைஞர் ஒருவர், குடியாத்தத்தில் உள்ள எங்கள் கிளினிக்குக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய ஒப்புதலோடு, பெயரை நீக்கி, ஒரு பகுதியை இங்கே தருகிறேன்.

“மதிப்பிற்குரிய டாக்டர் அம்மா அவர்களுக்கு, வணக்கம். சென்னையில் வளைகுடா மெடிக்கல் எடுத்தேன். எச்.பி.எஸ்.ஏஜி என்ற வரிக்கு நேராக 2.4, ரியாக்டிவ் என்று இருக்கிறது. முடிவு ‘அன்ஃபிட்’ என்று வந்துவிட்டது. எனக்கு மஞ்சள் காமாலை என்று ஊரில் பேசுகிறார்கள்; கீழாநெல்லி அரைத்துக் குடித்தால் ஒரு மாதத்தில் சரியாகும் என்கிறார்கள். இதை எப்படிப் படிக்க வேண்டும்? என் மனைவிக்கும் குழந்தைக்கும் தொற்றியிருக்குமா? வெளிநாடு போகிறவர்கள் காமாலை ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்று ஏஜென்ட் சொன்னதால் அதையும் முன்கூட்டியே போட்டிருந்தேன்.”

மார்ச் 5, புதன்

கடைசி வரியை மீண்டும் மீண்டும் படித்தேன். அவர் தேடும் விடை அதில்தான் இருக்கக்கூடும்.

எச்.பி.எஸ்.ஏஜி என்பது கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமியின் மேலுறையில் உள்ள புரதம். அது இரத்தத்தில் தென்பட்டால் கிருமி உடலில் இருக்கலாம் என்று பொருள். கண் மஞ்சளாவதும் சிறுநீர் நிறம் மாறுவதும் வேறு கணக்கு. பல ஆண்டுகளாக இத்தொற்றோடு வாழ்பவர்களில் பெரும்பாலோருக்குக் கண் மஞ்சளாவதே இல்லை. ஆகவே கீழாநெல்லி குடித்து உடம்பு நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும், இந்த வரி அதனால் மாறாது.

2.4 என்பது கிருமியின் அளவைச் சொல்லும் எண்ணன்று. கருவியில் கிடைத்த ஒளியின் அளவை, வரம்பாக வைத்த அளவால் வகுத்து வரும் விகிதம் அது. 1-ஐத் தாண்டினால் ‘ரியாக்டிவ்’ என்று அச்சாகும். நாள்பட்ட தொற்று உள்ளவர்களுக்கு இந்த விகிதம் பெரும்பாலும் நூறுகளிலும் ஆயிரங்களிலும் வரும். 2.4 போன்ற வரம்பை ஒட்டிய எண்ணை உறுதிச் சோதனை இல்லாமல் நோய் என்று முடிவு கட்டக் கூடாது. அதே சமயம், பொய் என்று தள்ளிவிடவும் கூடாது, ஏனெனில் புதிதாகத் தொற்றியவருக்கும் ஆரம்ப நாட்களில் இப்படி வரலாம்.

மார்ச் 7, வெள்ளி

நேரில் வந்தார். தடுப்பூசி அட்டையைக் கேட்டேன். சட்டைப்பையிலிருந்து நான்காக மடித்து எடுத்துக் கொடுத்தார். முதல் தவணை பிப்ரவரி 12. சென்னையில் இரத்தம் எடுத்தது பிப்ரவரி 18. இடையில் ஆறே நாட்கள்.

அவர் காமாலை ஊசி என்று எழுதியது ஹெபடைடிஸ் பி தடுப்பூசி. அதில் உள்ள பொருளே எச்.பி.எஸ்.ஏஜி புரதம்தான். கிருமி அதில் இல்லை. ஆனால் ஊசியில் போன புரதம் சுமார் 18 நாள் வரை இரத்தத்தில் சுற்றி, இன்றைய நுண்ணிய கருவிகளில் ‘ரியாக்டிவ்’ என்று காட்டிவிடக்கூடும். ஊசி எப்போது போட்டீர்கள் என்று சோதனை மையத்தில் யாரும் கேட்கவில்லை என்றார். அந்த ஒரு கேள்வி அங்கே கேட்கப்பட்டிருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

குழந்தையைத் தூக்கலாமா, ஒரே தட்டில் சாப்பிடலாமா என்று தயங்கிக் கேட்டார். உணவாலும் தொடுவதாலும் இது பரவாது. இரத்தம், உடலுறவு, பிரசவம் ஆகியவையே வழிகள். தொற்று உறுதியானால் மட்டும் மனைவிக்கும் குழந்தைக்கும் சோதனை செய்து, தேவைக்கேற்பத் தடுப்பூசி போடலாம் என்றேன்.

மார்ச் 14, வெள்ளி

ஊசி போட்டு 30 நாள் ஆனதால் இன்று புதிதாக இரத்தம் எடுத்தோம். எச்.பி.எஸ்.ஏஜி மறுபடியும்; அதோடு கிருமியின் உட்கருவுக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்புப் பொருளைப் பார்க்கும் மொத்த ஆன்டி எச்.பி.சி. இந்த இரண்டாவது சோதனைதான் முக்கியம். தடுப்பூசியில் உட்கருப் புரதம் கிடையாது. எனவே ஊசியால் அது பாசிட்டிவ் ஆகாது, உண்மையான தொற்றால் மட்டுமே ஆகும்.

மார்ச் 15, சனி

இரண்டுமே நான்-ரியாக்டிவ். கல்லீரல் நொதியும் இயல்பான அளவில் இருக்கிறது. புதிய தொற்றாக இருந்திருந்தால் இத்தனை நாட்களில் எச்.பி.எஸ்.ஏஜி எண் ஏறியிருக்க வேண்டும், அது மறைந்துவிட்டது. பிப்ரவரியில் தெரிந்தது ஊசியின் புரதமே என்று கொள்ள இது போதும்.

இரண்டும் ரியாக்டிவாக வந்திருந்தால் பேச்சே வேறு. கிருமியின் டி.என்.ஏ அளவு பார்த்து, ஆறு மாதம் கழித்து மறுபடி சோதித்து, நாள்பட்ட தொற்றா என்று முடிவு செய்திருப்போம். 2018-இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் அதற்கான சோதனையும் மருந்தும் இலவசம். ஆனால் அந்த மருந்து கிருமியை அடக்கிவைக்குமே தவிர, எச்.பி.எஸ்.ஏஜி-யை அரிதாகத்தான் நீக்கும்; ஒரு மாதத்தில் ‘ஃபிட்’ ஆக்கித் தருகிறேன் என்று பணம் கேட்பவரிடம் ஏமாறக் கூடாது என்பதற்காக இதையும் அவரிடம் சொன்னேன்.

எங்கள் தாளை மட்டும் காட்டினால் ‘அன்ஃபிட்’ தானாக மாறிவிடாது. ஊசி போட்ட தேதி, இரத்தம் எடுத்த தேதி, மறுசோதனை முடிவுகள் மூன்றையும் குறிப்பிட்டு, மறுபரிசோதனை கோரி அந்த மையத்துக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். இரண்டாம் தவணை ஊசிக்கு நாள் நெருங்கியிருந்தாலும், அங்கே மறுபடி இரத்தம் எடுத்த பிறகே போட்டுக்கொள்ளும்படி அட்டையின் பின்புறம் எழுதிக் கையொப்பமிட்டேன். தவணை சில வாரம் தள்ளிப் போனாலும் தொடரை முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை.