குக்கூ ஹாஷிங் படிக்கிறவர்களுக்கு: முதல் காயை நகர்த்தியது யார்?

முதுநிலை அல்காரிதம்ஸ் தாளில் ஹாஷிங் பகுதியிலிருந்து பெரும்பாலும் ஒரு பெரிய கேள்வி வரும். யுனிவர்சல் குடும்பத்தை வரையறுத்து நிரூபிக்கச் சொல்வார்கள், அப்புறம் குக்கூ டேபிளில் சில கீகளைப் போட்டுக் காட்டச் சொல்வார்கள். இரண்டையும் தனித்தனிப் பாடமாகப் படித்தால் எழுதிவிடலாம். ஆனால் வைவாவில் "இதில் ரேண்டம் எங்கே இருக்கிறது?" என்று கேட்டால் தடுமாற்றம் வந்துவிடும். எனக்கு உதவியது, எல்லா இடத்திலும் ஒரே கேள்வியைக் கேட்டுப் பார்த்ததுதான்: நம் டேபிளைத் திணறவைக்கப் பார்க்கும் எதிராளி கீகளை எடுத்தது முதலிலா, நாம் ஃபங்ஷனை எடுத்தது முதலிலா?

டேபிளில் 10 இடங்கள், கீ x எந்த இடத்துக்குப் போகும் என்று சொல்லும் ஃபங்ஷன் `x mod 10` என்று வைத்துக்கொள்வோம். எதிராளி 10, 20, 30, 40, 50 என்று கொடுத்தால் ஐந்தும் 0-ஆம் இடத்தில் குவியும். வேறு எந்த நிலையான ஃபங்ஷனை எழுதி வைத்தாலும் இதே கதிதான். கீகள் நிறைய, இடங்கள் கொஞ்சம். ஆகவே ஒரே இடத்தில் விழும் கீகள் கட்டாயம் இருக்கும். ஃபங்ஷன் தெரிந்தவர் அவற்றைத் தேடிப் பிடித்துவிடுவார்.

கார்ட்டரும் வெக்மனும் 1979-இல் கொடுத்த வழி, ஒரு ஃபங்ஷனுக்குப் பதில் ஒரு குடும்பத்தையே வைத்துக்கொள்வது. `h(x) = ((a·x + b) mod p) mod m`. இங்கே m என்பது டேபிளின் இடங்கள், p என்பது எல்லாக் கீகளையும்விடப் பெரிய பகா எண். a-ஐ 1 முதல் p−1 வரையிலும், b-ஐ 0 முதல் p−1 வரையிலும் ரேண்டமாக எடுக்கிறோம். நம் உதாரணத்தில் p = 101, m = 10. a = 37, b = 5 வந்தது என்றால் அந்த ஐந்து கீகளும் முறையே 2, 8, 4, 1, 7 ஆகிய இடங்களுக்குப் போகின்றன. இதைக் கையால் ஒரு தடவை போட்டுப் பாருங்கள்.

நிரூபணத்தில் பிடித்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். x-உம் y-உம் வேறு கீகள். `r = (ax+b) mod p`, `s = (ay+b) mod p` என்று எழுதுங்கள். a பூஜ்யம் இல்லை, p பகா எண், ஆகவே r-உம் s-உம் சமமாக வாய்ப்பில்லை. அதோடு ஒவ்வொரு (a, b) ஜோடிக்கும் ஒரே ஒரு (r, s) ஜோடி, திருப்பியும் அப்படியே. ஆக, a, b-ஐ ரேண்டமாக எடுப்பதும், வெவ்வேறான r, s-ஐ ரேண்டமாக எடுப்பதும் ஒன்றே. மோதல், அதாவது இரண்டு கீகளும் ஒரே இடத்தில் விழுவது, நடக்க வேண்டுமானால் r-உம் s-உம் m-ஆல் வகுத்தால் ஒரே மீதி தர வேண்டும். ஒரு r-க்கு அப்படிப்பட்ட s அதிகபட்சம் (p−1)/m தான். எனவே நிகழ்தகவு 1/m-ஐத் தாண்டாது. இந்த உறுதி தரும் குடும்பத்தைத்தான் யுனிவர்சல் என்கிறோம். நம் உதாரணத்தில் மொத்தம் 10,100 ஃபங்ஷன்கள். எந்த இரண்டு கீகளை எடுத்தாலும் அவற்றை மோதவைப்பவை சரியாக 920. எதிராளி எந்த ஜோடியைக் கொடுத்தாலும் இந்த எண்ணிக்கை மாறாது.

விடைத்தாளில் "எல்லா x ≠ y-க்கும், h-இன் மீதான நிகழ்தகவு" என்று கட்டாயம் எழுதுங்கள். கீகள் ரேண்டமாக வருகின்றன என்ற அனுமானம் இங்கே எங்கேயும் இல்லை. அந்த வரி இல்லாவிட்டால் நிரூபணம் வேறு எதையோ நிரூபித்ததாக ஆகிவிடும்.

சரி, குக்கூவுக்கு வருவோம். ராஸ்மஸ் பாக், ஃப்ளெமிங் ரோட்லர் இருவரும் 2001-இல் கொடுத்தது. இரண்டு டேபிள்கள், இரண்டு ஃபங்ஷன்கள். ஒவ்வொரு கீயும் `T1[h1(x)]` அல்லது `T2[h2(x)]`, இந்த இரண்டில் ஒன்றில்தான் இருக்கும். அதனால் தேடும்போது எவ்வளவு மோசமானாலும் இரண்டு இடம் பார்த்தால் போதும். சிரமமெல்லாம் சேர்ப்பதில் இருக்கிறது. கீ ஏற்கெனவே இல்லை என்று பார்த்துவிட்டு:

```python
def insert(x):
    for _ in range(LIMIT):
        i = h1(x)
        x, T1[i] = T1[i], x
        if x is None: return
        j = h2(x)
        x, T2[j] = T2[j], x
        if x is None: return
    rehash(x)
```

(`i`-ஐத் தனியாக எடுத்து வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. `T1[h1(x)]` என்று நேராக எழுதினால், பைத்தான் முதலில் x-ஐ மாற்றிவிட்டு, மாறிய x-க்கு h1 போடும். இடம் காலியாக இருந்தால் மாறிய x `None`, அதற்கு h1 போட்டால் பிழை வந்து நின்றுவிடும்.)

ஒவ்வொரு டேபிளிலும் 7 இடங்கள், `h1 = x mod 7`, `h2 = ⌊x/7⌋ mod 7` என்று எடுப்போம். 10 வந்து T1[3]-இல் உட்காருகிறது. அடுத்து 206. அதற்கும் T1[3] தான், ஆகவே 10 வெளியேறி T2[1]-க்குப் போகிறது. அப்புறம் 402 வருகிறது. அதற்கும் T1[3]. வெளியேறும் 206-க்கு மாற்று இடம் T2[1], அங்கே 10 இருக்கிறது. 10 திரும்ப T1[3]-க்கு வந்து 402-ஐத் தள்ளும். மூன்று கீகளுக்கும் இருப்பதே இந்த இரண்டு இடங்கள், ஆகவே சுற்று முடியவே முடியாது. டேபிளின் மற்ற 12 இடங்கள் காலியாகத்தான் கிடக்கின்றன. ஒரே இடத்தில் விழும் கீகளைப் பட்டியலாகக் கோக்கும் செயினிங்கில் டேபிளை மந்தமாக்க எதிராளிக்கு நூற்றுக்கணக்கான கீகள் தேவை, இங்கே மூன்றே போதும்.

டேபிளைப் பெரிதாக்கினால் போதாதா? 7-ஐ 14 ஆக்கி அதே வகையில் ஃபங்ஷன் எழுதினால், மூன்று கீகளுக்கும் h1 = 10, h2 = 0. மறுபடி அதே சிக்கல். இந்த எண்கள் 196 இடைவெளியில் இருப்பது தற்செயல் இல்லை. 196 என்பது 14-இன் வர்க்கம், 7-இன் வர்க்கத்தாலும் வகுபடும். அடுத்து 28 ஆக்குவீர்கள் என்று தெரிந்தால் 784 இடைவெளியில் கீகளைக் கொடுத்தால் முடிந்தது. ரீஹாஷ் என்றால் புதிதாக ரேண்டமாக ஃபங்ஷன்களை எடுப்பது. அளவை மாற்றுவது மட்டும் ரீஹாஷ் ஆகாது.

ஃபங்ஷன்கள் உண்மையில் ரேண்டம் என்றால் என்ன ஆகும்? குறிப்பிட்ட மூன்று கீகள் இரண்டு இடங்களையும் பகிர்ந்துகொள்ள, மற்ற இரண்டும் முதல் கீயோடு இரண்டு டேபிளிலும் ஒத்துப்போக வேண்டும். நிகழ்தகவு 1/m⁴. n கீகளில் மூன்று மூன்றாக எடுக்க ஏறக்குறைய n³/6 வழிகள். m என்பது n-ஐவிடச் சற்றே பெரியது, அதாவது டேபிள்கள் மொத்தத்தில் பாதிக்கும் குறைவாகவே நிரம்பியிருக்கின்றன. அப்படியானால் பெருக்கினால் வருவது 1/n அளவில்தான். பெரிய சுற்றுகளையும் கூட்டினாலும் இந்த அளவு மாறாது. அதனால்தான் ரீஹாஷ் அபூர்வம், சராசரி இன்செர்ட் செலவு மாறிலி.

1/m⁴ என்று எழுதும்போது மூன்று கீகளின் சுயேச்சையை எடுத்துக்கொண்டோம். யுனிவர்சல் குடும்பம் வாக்குறுதி தருவது இரண்டு கீகளுக்கு மட்டும்தான். தள்ளல் சங்கிலி log n நீளம் வரை போகும் என்பதால், மூல நிரூபணம் O(log n) கீகள் வரை சுயேச்சை உள்ள குடும்பத்தைக் கேட்கிறது. "`ax+b` குடும்பம் யுனிவர்சல், ஆகவே குக்கூவுக்குப் போதும்" என்று எழுதினால் மார்க் போய்விடும். செயினிங்குக்குப் போதும், குக்கூவுக்கு அந்த நிரூபணம் நிற்காது.

இதையெல்லாம் நேரில் பார்க்க நல்ல இடம், ஒருவர் கோடை இன்னொருவர் டெஸ்ட் கொடுத்து ஹேக் செய்யக்கூடிய போட்டித் தளமான கோட்ஃபோர்சஸ். ஜிசிசி-யின் `unordered_map`-இல் முழு எண்ணின் ஹாஷ் அந்த எண்ணேதான், பக்கெட் எண்ணிக்கை தெரிந்த பகா எண்களின் வரிசையில் வளரும். அதனால் 107897 அல்லது 126271-இன் மடங்குகளைக் கொடுத்து நேர வரம்பைத் தாண்ட வைப்பார்கள். ஹேக் செய்கிறவர் உங்கள் கோடைப் படித்துவிட்டுத்தான் டெஸ்ட் எழுதுகிறார். ஆகவே ஒரு "ரேண்டம்" எண்ணைக் கோடிலேயே எழுதி வைத்தால் பயனில்லை, அது அவருக்கு முன்பே எடுத்த காய். `chrono::steady_clock`-இலிருந்து ஓடும் நேரத்தில் சீட் எடுத்து, பிட்களை நன்றாகக் கலக்கும் ஃபங்ஷனில் போட்டால், டெஸ்ட் எழுதி முடித்த பிறகுதான் ஹாஷ் தீர்மானமாகிறது. ஆனால் ஒரே சீட்டோடு மாதக்கணக்கில் ஓடும் சர்வரில் இது தானாக அமையாது. பதில் வரும் நேரத்தை அளந்து அடுத்த கீயைத் தேர்ந்தெடுக்கிறவர், ஃபங்ஷன் எடுத்த பிறகுதான் காய் நகர்த்துகிறார். அவரை 1/m நிரூபணம் கணக்கிலேயே எடுக்கவில்லை.